துரைப்பாக்கத்து மகளிர் பி.ஜி.யில் ஒரு பெட் காலி: எங்கே பதிவிடுவது?

சென்னை துரைப்பாக்கத்தில், ஓ.எம்.ஆர். சாலையிலிருந்து நடந்து போகும் தொலைவில், என் சித்தி ஒரு மகளிர் பி.ஜி. நடத்துகிறார். ஒன்பது அறைகள், அவற்றில் மூன்று இருவர் தங்குபவை, ஆறு மூவர் தங்குபவை, மொத்தம் 24 பெட். அண்மைக் காலம் வரை வாசலில் தொங்கும் பலகையும், உள்ளே இருக்கும் பெண்கள் தங்கள் அலுவலகத் தோழிகளிடம் சொல்லும் சொல்லுமே விளம்பரமாக இருந்தன. பக்கத்துத் தெருக்களில் புதிய விடுதிகள் வந்த பிறகு அது போதவில்லை. இணையத்தில் எங்கே பதிவிடுவது என்று முடிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் முன் இருந்தவை மூன்று வழிகள்: வீட்டு வாடகைத் தளங்கள், கூகுள் மேப்பில் நிறுவனப் பதிவு, நாமே வைத்துக்கொள்ளும் ஒரு பக்கமும் அதனுடன் வாட்ஸ்அப் பிசினஸும். நான்காவதாக, கட்டடத்தையே குத்தகைக்கு எடுத்து நடத்தும் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடலாம். ஆனால் அது பதிவிடும் வழியன்று, தொழிலைக் கைமாற்றும் வழி. சித்திக்கு அதில் விருப்பமில்லை என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

ஒப்பிடும் முன் ஒரு கணக்கு. மூவர் அறையில் ஒரு பெட்டுக்கு மூன்று வேளை உணவுடன் மாதம் 9,000 ரூபாய் வாங்குகிறோம். பெட் காலியாக இருந்தால் நாளொன்றுக்கு 300 ரூபாய் நட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது சரியன்று, ஆள் இல்லாதபோது அவருக்கான அரிசியும் காயும் செலவாவதில்லை. எங்கள் சமையலறையில் ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 3,500 ரூபாய் உணவுச் செலவு. ஆகவே காலி பெட்டினால் உண்மையில் போவது மாதம் 5,500, நாளொன்றுக்கு சுமார் 183 ரூபாய். ஒரு தளம் முன்னிலையில் காட்டுவதற்கு 3,000 ரூபாய் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணம் திரும்பி வர அது ஒரு பெட்டைப் பதினாறு நாளுக்கும் மேல் முன்னதாக நிரப்பித் தர வேண்டும். நோட்டீஸ் மாதத்திலேயே அடுத்த ஆள் வந்துவிடும் பருவத்தில் அந்தச் செலவு வீண். நான்கு பெட் சேர்ந்தாற்போல் காலியாகும் மாதத்தில் அதே செலவு மலிவு. ஆக, கட்டணத்தை மட்டும் வைத்து ஒரு தளத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது.

பணத்தைவிடக் கண்ணில் படாமல் போகும் செலவு, வீணாகும் வருகைகள். ஒருவர் அறை பார்க்க வந்தால் வார்டன் அக்கா வேலையை விட்டு இருபது, இருபத்தைந்து நிமிடம் அவருடன் நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம், ஓ.எம்.ஆர். பகுதியில் இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்கும் பெண்கள் எல்லா அறைகளிலும் இருப்பது. காலை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி ஓர் அந்நியரை உள்ளே அழைத்துவந்து, அவர் "நான் தனி அறைதான் தேடுகிறேன், இங்கே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனால், உறக்கம் கெட்டவரின் கோபம் நியாயமானது. எங்களைப் போன்ற சிறிய விடுதி எந்த வழி அதிக விசாரணைகளைக் கொண்டுவருகிறது என்பதைவிட, எந்த வழி வீண் வருகைகளைக் குறைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது இதனால்தான்.

வாடகைத் தளங்களிலிருந்து தொடங்குகிறேன். நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் போன்றவற்றில் பி.ஜி.க்கென்று தனிப் பிரிவு உண்டு. படிவத்தை நிரப்புவது எளிது: ஆண்களுக்கா பெண்களுக்கா, எத்தனை பேர் ஷேரிங், உணவு உண்டா, அட்வான்ஸ் எவ்வளவு என்று அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். தேடுபவரும் பகுதி, வாடகை, பாலினம் என்று வடிகட்டிப் பார்க்கலாம். ஊருக்குப் புதிதாக வேலைக்கு வருபவர் மதுரையிலோ விஜயவாடாவிலோ இருந்தபடி தேடும்போது முதலில் திறப்பது பெரும்பாலும் இத்தகைய தளத்தைத்தான். இது அவற்றின் உண்மையான பலம்.

குறை, படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காததை அங்கே சொல்ல முடியாமல் இருப்பது. நாங்கள் பதிவிட்ட ஒரு தளத்தில் அறை வகை ஒவ்வொன்றுக்கும் தனி வாடகை கொடுத்திருந்தோம். ஆனால் தேடல் பட்டியலில் அவற்றுள் மிகக் குறைந்த தொகை மட்டும் பெரிய எழுத்தில் தெரிந்தது. இருவர் அறையை 9,000 ரூபாய்க்கு எதிர்பார்த்து அழைத்தவர்களிடம் 11,500 என்று சொல்லி, ஏமாற்றுக்காரர்போல் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தோம். பெட் நிரம்பிய பிறகும், பதிவை நாமே போய் நிறுத்தும் வரை அழைப்புகள் வந்தன. மகளிர் விடுதி என்று தெளிவாக எழுதியிருந்தும் ஆண்கள் அழைத்தார்கள், தரகர்களும் அழைத்தார்கள். தொலைபேசி ஒலித்ததில் அந்தத் தளத்துக்குத்தான் முதலிடம்; வாசல் வரை வந்தவர்களின் எண்ணிக்கையில் அது கடைசி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இத்தகைய தளங்களில் எண்ணை வெளியிட்டதும், "என் தங்கைக்கு இடம் வேண்டும், பார்க்கவே வேண்டாம், அட்வான்ஸை இப்போதே அனுப்புகிறேன்" என்று சொல்லி ஒரு கியூ.ஆர். குறியை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்பவர்கள் வருவார்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். வார்டனிடம் இதைச் சொல்லிவைக்காமல் தளத்தில் எண்ணைப் போடக் கூடாது.

கூகுள் மேப் வேறு வகை. அங்கே நாம் விளம்பரம் செய்வதில்லை, இருக்கிறோம் என்று பதிவு செய்கிறோம். பதிவு இலவசம், இடம் நம்முடையதுதான் என்பதைப் பெரும்பாலும் காணொளி எடுத்து உறுதிப்படுத்தச் சொல்வார்கள். தெரு, பெயர்ப்பலகை, உள்ளே நமக்கு அணுகல் இருப்பதைக் காட்டும் ஏதாவது ஒன்று என எல்லாம் ஒரே தொடர்ச்சியான காணொளியில் தெரிய வேண்டும். அலுவலகத்தின் வாசலில் நின்றபடி "அருகில் மகளிர் விடுதி" என்று தேடுபவருக்கு இது தெரியும். அவர் ஏற்கெனவே இந்தப் பகுதியில்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர். நடந்து வந்துவிடக் கூடியவர். அதனால் இங்கிருந்து வரும் விசாரணை எண்ணிக்கையில் குறைவு, தரத்தில் மேல்.

ஆனால் மேப்பில் இன்று எந்த அறையில் எந்த பெட் காலி, எப்போதிலிருந்து, எவ்வளவு என்பதைச் சொல்ல ஒழுங்கான இடமில்லை. வீட்டு விதிகளையும் அங்கே விரிவாக வைக்க முடியாது. படங்களை நாம் மட்டுமல்லாமல் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். எங்கள் பதிவில் யாரோ ஒருவர் ஏற்றிய முதல் படம், மழை நாளில் தண்ணீர் தேங்கிய எங்கள் தெரு. மதிப்புரைகளும் அப்படித்தான். அட்வான்ஸில் பிடித்தம் செய்யப்பட்டவர் கோபத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். நல்ல மதிப்புரைக்கு வாடகையில் தள்ளுபடி தரலாமே என்று சித்தி கேட்டார். சலுகை கொடுத்து மதிப்புரை வாங்குவதைக் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. பிடிபட்டால் இருக்கும் நல்ல மதிப்புரைகளும் போகலாம். பிடித்தம் எவ்வளவு என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் காட்டிவிடுவதுதான் அந்த ஒரு நட்சத்திரத்துக்கு மருந்து. அதற்கு இடம் கொடுப்பது மூன்றாவது வழி மட்டுமே.

அந்த மூன்றாவது வழி, கூகுள் சைட்ஸில் இலவசமாக உருவாக்கிய ஒற்றைப் பக்கமும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும். வாட்ஸ்அப் கேட்டலாக்கில் ஒவ்வொரு அறை வகையையும் ஒரு பொருளாகப் பதியலாம். ஒரு பொருளுக்குப் பத்துப் படங்கள் வரை, விலை, விளக்கம், இணைப்பு எல்லாம் சேர்க்கலாம். பக்கத்தில் விதிகளும் வாடகை விவரமும் முழுமையாக இருக்கும். காலி நிலவரத்தை வார்டனே கைப்பேசியிலிருந்து கேட்டலாக்கில் ஒரு நிமிடத்தில் மாற்றலாம். குறை வெளிப்படையானது: இந்தப் பக்கத்தை யாரும் தானாகத் தேடி வரமாட்டார்கள். மேப்பிலிருந்தோ தளத்திலிருந்தோ வாசல் பலகையிலிருந்தோ ஆள் வர வேண்டும். ஆகவே இதை மற்ற இரண்டுக்கும் போட்டியாக நினைக்காமல், அவை கொண்டுவந்து சேர்க்கும் இடமாக வைத்தோம். மேப் பதிவின் இணையதளக் கட்டத்தில் இந்தப் பக்கத்தின் முகவரி. வாசல் பலகையில் வாட்ஸ்அப்புக்கான கியூ.ஆர். குறி.

பலகையிலும் பக்கத்திலும் வெவ்வேறு சொல்லுடன் தொடங்கும் வாட்ஸ்அப் இணைப்பை வைத்தால், யார் எங்கிருந்து வந்தார் என்பது கேட்காமலே தெரியும்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=PAGE-3SH
https://wa.me/91XXXXXXXXXX?text=BOARD
```

இணைப்பைத் தொட்டவரின் வாட்ஸ்அப்பில் அந்தச் சொல் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அவர் அனுப்பினால் போதும். வாடகைத் தளத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் நேரடியாக அழைப்பார்கள் என்பதால், அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் "தளம்" என்ற லேபிளை வார்டனே ஒட்டுகிறார். மாத இறுதியில் எந்த வழியில் வந்தவர் சேர்ந்தார் என்று எண்ணிப் பார்க்க வேறு மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

மூன்று வழிகளிலும் பயன்படுவது ஒரே படங்கள்தான் என்பதால் அவற்றைச் சற்றுக் கவனித்து எடுத்தோம். முதல் முறை எடுத்தபோது கைப்பேசியின் 0.5 அகலக் கோணத்தைப் பயன்படுத்தினேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை கல்யாண மண்டபம்போல் தெரிந்தது. அதைப் பார்த்து வந்த ஒரு பெண் கதவருகே நின்று, "படத்தில் இருக்கும் அறையைக் காட்டுங்கள்" என்றார். இரண்டாம் முறை சாதாரணக் கோணத்தில், கதவின் ஓரத்தில் நின்று, கட்டில்களுக்கு நடுவே எவ்வளவு நடக்க இடமிருக்கிறது என்பது தெரியும்படி எடுத்தேன். அறை பார்க்க வருபவர்கள் மெத்தையை அழுத்திப் பார்த்தபின் தேடுவது எவற்றை என்று கவனித்தால் எடுக்க வேண்டிய படங்கள் தாமே தெரிந்துவிடும்: கட்டில் தலைமாட்டில் பிளக் பாயின்ட், பூட்டு வைத்த அலமாரியின் உள்பக்கம், குளியலறையின் தரை, சன்னல் எதைப் பார்த்து இருக்கிறது, துணி காயப்போடும் இடம். குளியலறைப் படம் இல்லாத பதிவுக்கு முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

மகளிர் விடுதியில் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. தங்கியிருப்பவரின் முகம், மேசை மேல் இருக்கும் அடையாள அட்டை, கொடியில் தொங்கும் துணி, எந்த மாடியில் எந்த சன்னல் என்று வெளியிலிருந்து அடையாளம் காணக்கூடிய கோணம் ஆகியவை எதுவும் படத்தில் வரக் கூடாது. ஆள் குடியிருக்கும் அறையென்றால் அவர்களிடம் முதல் நாளே சொல்லி, அவர்கள் எடுத்துவைத்த பிறகு எடுக்க வேண்டும். காலியான அறை கிடைக்கும்போது எல்லாப் படங்களையும் எடுத்துவைத்துவிடுவது இன்னும் நல்லது.

வாடகை விவரத்தில் பதிவுகள் மறைப்பது மாத வாடகையை அன்று, அதைச் சுற்றியுள்ளவற்றை. எங்கள் பக்கத்தில் மூவர் அறைக்கு எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "ஒரு பெட் 9,000 ரூபாய், உணவுடன். அட்வான்ஸ் ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயிண்ட், பராமரிப்புக்காக 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி, காலி செய்த நாளிலேயே தரப்படும். 30 நாள் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது. ஏ.சி. அறைகளில் தனி சப்-மீட்டர். மாத முதல் நாள் அளவைப் படமெடுத்து அறைக் குழுவில் பகிர்ந்து, தொகையை அறையில் இருப்பவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். ஊருக்குப் போகும் நாட்களுக்கு உணவுக் கழிவு இல்லை." கடைசி வரியைப் போட வேண்டாம் என்று சித்தி தயங்கினார். அது பிடிக்காதவர் சேர்ந்த பிறகு சண்டை போடுவதைவிட, படித்துவிட்டு வராமல் இருப்பது இருவருக்கும் நல்லது என்று சொல்லிப் போட்டோம். சிலர் வாடகையுடன் ஜி.எஸ்.டி. உண்டா என்று கேட்கிறார்கள். ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கும் ஏற்பாட்டுக்கு 2024 ஜூலை முதல் விலக்கு உண்டு என்பதால், எங்கள் பதிவில் வரி தனி என்ற சொல் இல்லை.

விதிகளை எழுதுவதிலும் அதே அணுகுமுறைதான். "நேரக் கட்டுப்பாடு கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும்" என்ற வரியால் யாருக்கும் எதுவும் விளங்காது. "வாசல் இரவு 10.30க்குப் பூட்டப்படும். இரவுப் பணி செய்பவர்கள் அலுவலகத்தின் ஷிப்ட் கடிதம் கொடுத்தால், கேப் வரும் நேரத்தில் காவலாளி திறப்பார்" என்று எழுதியதும் ஐ.டி. நிறுவனப் பெண்கள் கேட்கும் கேள்விகள் பாதியாகக் குறைந்தன. அறையில் கெட்டில் வைக்கலாம், இண்டக்‌ஷன் அடுப்பு கூடாது. அம்மாவோ தங்கையோ ஓர் இரவு தங்கலாம், முன்னதாகச் சொல்ல வேண்டும், அதற்கு இவ்வளவு கட்டணம். இப்படிச் செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் விதிப் பட்டியல் சிறைச்சாலைப் பலகைபோல் இருக்காது. இன்னொன்று, தமிழ்நாட்டில் மகளிர் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் கட்டாயம். உரிம எண்ணைப் பக்கத்தின் தலைப்பிலேயே போட்டோம்; பெண்களின் தந்தையர் அதைப் பார்த்துவிட்டு அழைப்பதைக் கண்டிருக்கிறேன்.

வருகை நேரம் ஒதுக்குவதில்தான் வழிகளுக்கு இடையிலான வேறுபாடு மிக அதிகம். தளங்களில் வருகை கோரும் வசதி இருந்தாலும், அது எங்கள் வீட்டு நேரத்தை அறியாது. முதலில் கூகுள் ஃபார்ம்ஸில் நேரங்களைக் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் தேர்ந்தெடுத்த நேரத்தை ஃபார்ம் தானாக நீக்காது. ஞாயிறு பத்து மணிக்கு மூன்று குடும்பங்கள் ஒன்றாக வந்து நின்றன. பிறகு கூகுள் காலண்டரின் அப்பாயின்ட்மென்ட் பக்கத்துக்கு மாறினேன். சாதாரண ஜிமெயில் கணக்கிலேயே ஒரு பக்கம் இலவசமாக உருவாக்கலாம், ஒருவர் எடுத்த நேரம் அடுத்தவருக்குத் தெரியாது. அரை மணி நேரத் துண்டுகளாக, வார நாட்களில் மாலை 5.30 முதல் 7.30 வரை, ஞாயிறு காலை 10 முதல் 12 வரை. பகலில் உறங்குபவர்கள் எழுந்தபின், இரவுச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு முன் என்பது கணக்கு. பதிவு செய்பவரிடம் பெயர், தொலைபேசி, எந்த அறை வகை, எந்தத் தேதியிலிருந்து என்பதை மட்டுமே கேட்கிறோம். ஆதார் நகல் சேரும் நாளில்தான்.

சில பெண்கள் காலண்டர் பக்கத்தைத் திறக்கவே மாட்டார்கள், "நாளை வரலாமா அக்கா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். அதற்கு விரைவுப் பதில் ஒன்று தயாராக இருக்கிறது: "நாளை மாலை 5.30, 6.30 இரண்டு நேரம் காலி. எது வசதி? மூவர் அறையில் ஒரு பெட் 1ஆம் தேதியிலிருந்து கிடைக்கும். இப்போது அதில் ஒருவர் இருக்கிறார். அப்பா, அண்ணன் வந்தால் கீழே வரவேற்பறையும் உணவுக்கூடமும் பார்க்கலாம். அறைக்கு நீங்களும் அம்மாவும் வரலாம்." நேரத்தை உறுதி செய்ததும் வார்டன் அதைக் காலண்டரில் தானே போட்டுவிடுகிறார். கடைசி வாக்கியம் இல்லாதபோது, சேலத்திலிருந்து பேருந்தில் வந்த ஒரு தந்தையை மாடிப்படியில் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது; அவர் அறை பார்க்காமலே மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது. பக்கமும் வாட்ஸ்அப்பும் ஆண்டு முழுவதும் அடித்தளம். காலி நிலவரமும் வாடகையும் அங்கே மட்டும் மாறும், மற்ற இடங்களில் அதன் முகவரி மட்டும். மேப் பதிவு நிரந்தரமாக இருக்கும். மாதம் ஒரு முறை புதிய படங்களைச் சேர்த்து, பிறர் ஏற்றியவற்றைப் பார்த்துவிடுவோம். வாடகைத் தளத்துக்குக் காசு கொடுப்பது, நோட்டீஸ் கொடுத்தவர்களின் எண்ணிக்கை மூன்றைத் தாண்டும் மாதத்தில் மட்டும். பெட் நிரம்பிய அன்றே அந்தப் பதிவை நிறுத்துவது வார்டனின் பொறுப்பு. இது 24 பெட்டுக்குப் பொருந்தும் ஏற்பாடு. நூறு பெட்டுக்கு மேல் நடத்துபவருக்கு எப்போதும் ஏதாவது காலியாகவே இருக்கும். அவர் தளக் கட்டணத்தை நிலையான செலவாகவே எடுத்துக்கொள்ளலாம், வருகைகளைக் கவனிக்கத் தனி ஆளும் அவரிடம் இருப்பார். ஆறு பெட் மட்டும் வைத்து வீட்டின் மேல்மாடியை விடுபவருக்கோ காலண்டர் பக்கம்கூடத் தேவையில்லை. வாட்ஸ்அப் கேட்டலாக்கும், தெருமுனை மெஸ்ஸில் ஒட்டிய ஒரு கியூ.ஆர். தாளும் போதும்.